மூன்றாம் நிரல்

மதுஷாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓய்வு நாள் என்று யாராவது சொன்னால் அவர்களைப் பிடித்து அவளுடைய வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். பதுளை பஜாரில் ஸலீம் நானாவின் இரும்புக் கடைக்கு மேல் மாடியில், உயர்தரப் பரீட்சைக்கு வணிகம் படிக்கும் பிள்ளைகள் நாற்பது பேருக்குப் புள்ளிவிபரவியல் சொல்லிக் கொடுப்பாள். கீழே தகரம் வெட்டும் சத்தம், மேலே இணைபுக் குணகம். இரண்டுக்கும் இடையில் தொண்டை கிழியக் கத்துவதுதான் அவள் பிழைப்பு.

அன்றைக்கு அவள் சொல்லிக்கொண்டிருந்தது குடையும் அட்டைக்கடியும் கதை. வருஷா வருஷம் சொல்வதுதான். "பதுளையில எந்த மாசம் குடை நெறைய விக்குதோ, அந்த மாசம் தோட்டத்துல அட்டைக்கடியும் கூடுது. கணக்குப் போட்டா இணைபு ஒன்னுக்குக் கிட்ட வரும். அப்ப குடை வாங்குனா அட்டை கடிக்குமா?" என்று கேட்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். பின் வரிசை வாங்கிலிருந்து ஒருவன், "கடிக்கும் டீச்சர், மஞ்சக் குடைன்னா கட்டாயம் கடிக்கும்" என்பான். அப்புறம் மழையைச் சொல்வாள். மழைதான் குடையையும் விற்கிறது, அட்டையையும் கிளப்புகிறது. இரண்டும் சேர்ந்து ஏறுவதை r என்று எழுதும் அந்தக் குணகம் காட்டும். எது எதை ஏற்றியது என்பதை அது காட்டாது.

இடைவேளையில் போன் துடித்தது. அஜந்தன்.

அஜந்தன் அவளுடைய தாய்மாமா மகன். கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் வெல்பெயார் ஓபிசர், அதாவது லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனத்தின் கக்கூஸ், தண்ணீர், கூரை, கல்யாணம், சண்டை எல்லாவற்றுக்கும் பொறுப்பானவன். தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் என்று அவனைப் பற்றி ஊரில் ஒரு பெருமை உண்டு. இவளுக்கும் அவனுக்கும் தை பிறந்தால் பேசி முடிக்கலாம் என்று வீடுகளுக்குள் ஒரு பேச்சும் இருந்தது. அதில் மதுஷாவுக்கு ஆட்சேபனை எதுவும் இருக்கவில்லை. வெளியில் சொல்லவில்லை என்பதுதான் குறை.

ஒரு படம் அனுப்பியிருந்தான். வெள்ளைப் பலகையில் எழுதிய சின்ன அட்டவணை. சரிவாக எடுத்த படம், ஜன்னல் வெளிச்சம் நடுவில் அடித்திருந்தது. இரண்டு நிரல், ஆறு வரிசை. தலைப்பு இருந்த மேல் பகுதி படத்துக்குள் வரவில்லை.

"மது, இந்த ரெண்டுக்கும் r எவ்வளவுன்னு பாத்துச் சொல்லு. அவசரம். நாளைக்கு மீட்டிங்."

"அஞ்சாவது வரிசை பதினொன்னா பதினேழா? வெளிச்சம் அடிக்குது."

"பதினொன்னு."

தேநீர் ஆறுவதற்குள் முடியும் கணக்கு. முதல் நிரல்: 8, 10, 12, 15, 18, 21. சராசரி பதினாலு. இரண்டாவது: 3, 2, 6, 7, 11, 13. சராசரி ஏழு. ஒவ்வொரு எண்ணும் தன் சராசரியை விட்டு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்தாள். வரிசை வரிசையாக இரண்டு விலகலையும் பெருக்கிக் கூட்டினாள், நூற்றுநாலு. விலகல்களின் வர்க்கம் ஒரு பக்கம் நூற்றிருபத்திரண்டு, மறுபக்கம் தொண்ணூற்றுநாலு. அந்த இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, நூற்றுநாலை அதால் வகுத்தாள்.

"r = 0.97. ரொம்ப வலுவான நேர் இணைபு. ஆனா ஆறே வரிசைதான், அதையும் பாத்துக்க. ஒன்னால ஒன்னு வருதுன்னும் அர்த்தமில்ல. குடையும் அட்டையும் மறந்துறாத" என்று எழுதி அனுப்பினாள். அவன் சிரிக்கிற மூஞ்சி ஒன்றும் கும்பிடுகிற கை ஒன்றும் போட்டான். அவள் தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்து அம்மாவிடமிருந்து போன் வந்தது. ஜெயலெட்சுமி சாதாரணமாக போன் எடுத்தால் "சாப்ட்டியா" என்றுதான் தொடங்குவாள். அன்றைக்கு அது வரவில்லை.

"மது, புள்ளைக்காம்பராவ மூடப் போறாங்களாம். என்னையும் நிப்பாட்டியாச்சு. நீ கணக்குப் போட்டுச் சொன்னியாமே?"

மதுஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நான் என்னாத்தம்மா சொன்னேன்?"

"என்னால தான் புள்ளைங்களுக்கு வயித்தால போகுதுன்னு."

ஜெயலெட்சுமி கல்லுமலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்ப்பவள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். பால் காய்ச்சிக் கொடுப்பது, தொட்டில் ஆட்டுவது, மூக்குத் துடைப்பது எல்லாம் அவள்தான். தோட்டத்தில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற யாரைக் கேட்டாலும் அவள் மடியில் கிடந்த ஆளாகத்தான் இருப்பார்கள். அஜந்தனும் அங்கே கிடந்தவன்தான். அதே தொட்டிலில் ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் மதுஷா.

அன்றைக்கே பஸ் ஏறினாள். ஹாலிஎல தாண்டி, மலைக்கு ஏறும் பாதையில் பஸ் முக்கிக்கொண்டு போனது. வழி நெடுக மழை. லயத்துக்கு வந்து சேர்ந்தபோது அம்மா அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்த அம்மாவை மதுஷா அதுவரை பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், எல்லாப் பெண்களும் கூடி நிற்கும்போது அஜந்தன் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு பேசினானாம். பிள்ளைக்காம்பராவுக்கு வரும் பிள்ளைகள் கூடக் கூட வயிற்றோட்டமும் கூடியிருக்கிறது என்றானாம். விஞ்ஞானமாக நிரூபித்தாயிற்று, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு என்றானாம். சந்தேகம் இருக்கிறவர்கள் ஜெயலெட்சுமி அக்காவின் மகளையே கேட்டுப் பாருங்கள், கணக்குப் போட்டது அந்தப் பிள்ளைதான் என்றும் சொன்னானாம். மதுஷா அனுப்பிய செய்தியைப் போனில் காட்டினானாம், முதல் இரண்டு வரி மட்டும்.

"எல்லாரும் என்னயத் திரும்பிப் பாத்தாங்க" என்றாள் அம்மா. "நம்ம மாரிமுத்து மருமவ, அவ புள்ளைய நான் எப்புடிப் பாத்தேன், அவ சேலத் தலப்ப வாயில வெச்சிக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டா. ஒரு வார்த்த பேசல."

மதுஷாவுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை.  தன் குரலை யாரோ திருடிக்கொண்டு போய், அதாலேயே தன் தாயைத் திட்டியது போலிருந்தது. கோபம் அப்புறம்தான் வந்தது, வந்தபோது வட்டியும் முதலுமாக வந்தது.

குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு நடந்தாள். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று பின்னாலேயே வந்தாள்.

அஜந்தனின் அறையில் அந்த வெள்ளைப் பலகை இருந்தது. மதுஷா அவனைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்த்தாள். மேலே தலைப்புகள் இருந்தன. ஜூன் முதல் நவம்பர் வரை. பிள்ளைக்காம்பராவில் சராசரிப் பிள்ளைகள். வயிற்றோட்டம். பக்கத்தில் மூன்றாவதாக ஒரு நிரல், மழை நாட்கள்: 5, 4, 7, 9, 14, 15. அதுவும் அஜந்தனின் கையெழுத்துதான், அதே நீல மை. படத்தை எடுத்தவன் இதை விட்டுவிட்டு எடுக்க வேண்டுமானால் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து நின்றிருக்க வேண்டும். அதனால்தான் படம் சரிந்திருந்தது.

"மழைய ஏன் வெட்டுன?"

"மது, ஒக்காரு மொதல்ல. அத்தை, நீங்களும் ஒக்காருங்க."

"மழைய ஏன் வெட்டுனன்னு கேக்குறேன்."

"வெட்டல. ஒன்கிட்ட கேட்டது ரெண்டு நிரலுக்குத்தான். நான் ஒரு பொய்யும் சொல்லலயே. நீ சொன்ன நம்பரத்தான் சொன்னேன்." அவன் முகத்தில் தப்புச் செய்தவனின் களை இல்லை. அது அவளை இன்னும் எரித்தது.

"தொண்ணூத்தேழு வீதம்னு நான் சொன்னேனா? அது வீதமே இல்ல. ரெண்டும் எவ்வளவு நேராச் சேந்து போகுதுங்கிற அளவு. அவ்வளவுதான். நீயும் படிச்சவன்தானே?"

சத்தம் கேட்டுத் துரை வந்தார். தோட்டத்து மனேஜர். சிங்களவர், ஆனால் மலையில் பழகிய தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. "என்னா பிரச்சினை? ஆ, நீங்க தானே கணக்கு டீச்சர்? நல்ல வேலை செஞ்சீங்க."

மதுஷா பலகைப் பேனாவை எடுத்தாள்.  நாற்பது பிள்ளைகளுக்குக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அவளுக்குக் கைகொடுத்தது.

"சேர், மழை பெஞ்சா கொழுந்து ஏறும். கொழுந்து ஏறுனா எல்லாருக்கும் பேர் விழும், வாரம் ஆறு நாளும் வேல. தாய்மார் மலைக்குப் போனா புள்ளைங்க புள்ளைக்காம்பராவுக்கு வரும். வெயில் காலத்துல வேல கொறவு, புள்ளைங்க வீட்டுல நிக்கும். அதான் மொத நிரல். அதே மழையில மேல இருக்குற ஊத்துத் தொட்டி கலங்கும். லயம் பூரா அந்தத் தண்ணிதான் குடிக்குது. அதான் ரெண்டாவது நிரல். மழைக்கும் வயித்தோட்டத்துக்கும் இணைபு பாருங்க." பலகையிலேயே போட்டாள். 0.99 வந்தது.

துரை பலகையைப் பார்த்தார். "அப்போ மழைதான் காரணம்னு இந்த நம்பர் சொல்லுதா?"

கெட்டிக்காரக் கேள்வி. மதுஷா ஒரு கணம் நின்றாள். ஆமாம் என்று சொன்னால் ஜெயித்துவிடலாம். ஆனால் அஜந்தன் செய்ததைத்தான் அவளும் செய்ததாகிவிடும்.

"இல்ல சேர். இதுவும் வெறும் இணைபுதான். காரணம் தெரியணும்னா வேற மாதிரிப் பாக்கணும். நவம்பர்ல இந்த வயித்தோட்ட வருத்தம் வந்த பதிமூனு புள்ளைல எத்தன பேர் புள்ளைக்காம்பராவுக்கு வர்றவங்க, எத்தன பேர் வராதவங்க?"

டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கினார்கள். வருகிறவர்கள் இருபத்தொரு பேரில் ஏழு பேருக்கு வருத்தம். வீட்டில் நிற்கிறவர்கள் பதினெட்டுப் பேரில் ஆறு பேருக்கு. இங்கேயும் மூன்றில் ஒன்று, அங்கேயும் மூன்றில் ஒன்று.

"அம்மா கையில கெடந்தாலும், கெடக்காட்டியும் ஒன்னுதான் சேர். அம்மாவால வந்திருந்தா இந்தப் பக்கம் கூடியிருக்கணும். சின்னக் கணக்குத்தான், முடிவாச் சொல்ல முடியாது. ஆனா தண்ணிய சோதிக்காம ஒரு பொம்பளைய நிப்பாட்டுற அளவுக்கு ஒன்னும் இல்ல இதுல."

துரை தாடையைத் தடவினார். அஜந்தன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். 

"டீச்சர், நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ரிப்போர்ட் மேலிடத்துக்குப் போயிட்டு. ஒரு மாசம் மூடி வெச்சுப் பாப்போம். கொறஞ்சா கொறஞ்சிச்சு, கொறையலன்னா தொறப்போம்."

அம்மா அதுவரை வாசலிலேயே நின்றாள். "ஒரு மாசம் புள்ளைங்கள யாருங்க பாக்குறது?" என்று கேட்டாள். 

டிசம்பர் முழுக்க மழை கொட்டியது. பிள்ளைக்காம்பராவில் பூட்டுத் தொங்கியது. தாய்மார் கைக்குழந்தைகளை அக்கம்பக்கத்துக் கிழவிகளிடமும், பள்ளி விட்டு நின்ற அக்காமாரிடமும் விட்டுவிட்டுப் போனார்கள். சிலர் வேலைக்கே போகவில்லை. ஜெயலெட்சுமியிடம் மட்டும் ஒருத்தியும் விடவில்லை. அடுத்த வீட்டுக் காம்பராவில் பிள்ளை அழுது விக்கும், இவள் கதவுக்கு இந்தப் பக்கம் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். போய்த் தூக்கினால் நாளைக்கு ஏதாவது ஆனால் தன் தலையில் விழும் என்ற பயம். பிள்ளையைத் தூக்கப் பயந்த ஜெயலெட்சுமி, அது அவள் வாழ்க்கையில் புதுசு.

மாசக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது வயிற்றோட்டம் பதினாறு. அதில் ஒரு சிசுவை அம்புலன்சில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நல்ல வேளை, காப்பாற்றிவிட்டார்கள். மாரிமுத்து மருமகளின் பிள்ளை அது.

மதுஷா பழைய அட்டவணையில் ஏழாவது வரிசையாக டிசம்பரை எழுதினாள். பிள்ளைக்காம்பராவில் பூச்சியம். வயிற்றோட்டம் பதினாறு. திரும்பக் கணக்குப் போட்டாள். 0.97 என்று பெரட்டில் முழங்கிய குணகம் சறுக்கி விழுந்து, பூச்சியத்துக்குக் கீழே 0.02-இல் போய் நின்றது. ஒரே ஒரு வரிசைதான் கூடியது. ஆறு வரிசைக் கணக்கின் லட்சணம் இதுதான் என்று அவள் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அதைவிட முக்கியமாக ஒன்றைச் சொல்லலாம். காரணமா என்று அறிய ஒன்றை நிறுத்திப் பார்க்க வேண்டும், அதைத்தான் தோட்டம் செய்தது. பிள்ளைக்காம்பராவை நிறுத்தினார்கள், வருத்தம் நிற்கவில்லை. பரிசோதனை சுத்தமானது, பரிசோதனைக்கு வைத்தது பிள்ளைகளை. இதை எப்படி வகுப்பில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த முறை குடையும் அட்டையும் கதையைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரித்தார்கள், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜனவரியில் துரை அனுப்பிய ஆட்கள் வந்து ஊற்றுத் தொட்டியை இறைத்தார்கள். உள்ளே முழங்காலளவு சேறு. மூடி உடைந்து கிடந்ததாம், மேல் மலையிலிருந்து மாட்டுச் சாணமும் வழிந்து உள்ளே போயிருந்ததாம். அடுத்த வாரம் பிள்ளைக்காம்பராவைத் திறந்தார்கள். ஜெயலெட்சுமியைக் கூப்பிட்டார்கள். யாரும் பெரட்டில் தாளைப் பிடித்துக்கொண்டு எதையும் சொல்லவில்லை. பழி போடப் பெரட்டுக் கூட்டம் வேண்டும், எடுக்க எதுவும் வேண்டாம் போலிருக்கிறது.

அதற்கடுத்த ஞாயிறு மதுஷா வகுப்பை விட்டுவிட்டு வீட்டில் நின்றாள். அஜந்தன் வந்தான். கையில் கேக் பெட்டி. எப்போதும் அவன் தலை வாசலில் தெரிந்தால் "வாங்க மருமவனே" என்று அம்மாவின் குரல் முதலில் வரும். அன்றைக்கு வரவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. அவன் வாசற்படிக்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றான்.

"எல்லாம் சரியாயிருச்சில்ல அத்தை" என்றான்.

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஒன்னு கேக்குறேன், உள்ளதச் சொல்லு. தொட்டித் தண்ணிதான்னு ஒனக்கு முன்னமே தெரியுமா?"

அஜந்தன் கேக் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். மதுஷா அவன் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வேண்டினாள். மடையன் என்று தெரிந்தாலும் தாங்கிக்கொள்ளலாம், மன்னித்தும் விடலாம்.

"தெரியும் அத்தை. மூடி ஒடஞ்சத நான்தான் போய்ப் பாத்தேன். ஆனா தொட்டி கழுவுனதா ஏற்கனவே எழுதிக் குடுத்திருந்தேன். உண்மையச் சொல்லியிருந்தா என் வேல போயிருக்கும்."

"அதுக்கு என் பேர எடுத்துக் குடுத்தியா?"

"நீங்க நம்ம ஆளு. வெளியாள் பேருன்னா கேசு, யூனியன்னு வரும். நீங்க மன்னிப்பீங்கன்னு தெரியும். மது கணக்குன்னா துரையும் மறுபேச்சுப் பேச மாட்டார்."

ஆக, அவன் நம்பியது குணகத்தை இல்லை. அத்தையின் பாசத்தை நம்பினான், மதுஷாவின் பெயரை நம்பினான். இரண்டையும் அளந்து பார்த்துத்தான் வெட்டியிருக்கிறான்.  தை மாசப் பேச்சு அந்த இடத்திலேயே செத்துப் போனது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"கேக்க எடுத்துட்டுப் போ" என்றாள் அம்மா.

அவன் போனான். அம்மா வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதுஷா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தோளில் கை வைத்தாள். அம்மா கையைத் தட்டிவிடவில்லை, ஆனால் சாயவும் இல்லை.

"அவன் மறைச்சான், சரி" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் மோசம். "ஒனக்கு வந்த படத்துல தலப்பே இல்லன்னு நீயே சொன்னியே. நம்பர் மட்டும்தானாம். அது என்னா நம்பரு, யாரோட நம்பருன்னு நீ ஏம்மா கேக்கல?"